வாய்பாட்டில் 56 எங்கே? வலது மேல் மூலையிலிருந்து தேடும் முறை

ஒன்றாம் வாய்பாடு முதல் பத்தாம் வாய்பாடு வரை ஒரே கட்டத்தில் அச்சடித்த அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்து, மொத்தம் 100 கட்டங்கள். அதில் 56 எங்கே இருக்கிறது என்று கணினியைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். இந்த அட்டையில் அது நடக்கும். ஆனால் அட்டையில் இருப்பது வெறும் எண்கள், எந்தச் சூத்திரத்திலிருந்து வந்தவை என்று தெரியாது என்று வைத்துக்கொள்வோம்.

நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு நிரையிலும் (குறுக்கே ஓடுவது) இடமிருந்து வலமாக எண்கள் ஏறுகின்றன. ஒவ்வொரு நிரலிலும் (மேலிருந்து கீழே இறங்குவது) மேலிருந்து கீழாக ஏறுகின்றன. கோட் எழுதிப் பழக உதவும் லீட்கோட் தளத்தில் 240ஆம் கணக்காக இருப்பது இதேதான். ஆங்கிலப் புத்தகங்களில் இந்த முறையை 'சேடில்பேக் தேடல்' என்பார்கள்.

எந்த மூலையில் நிற்பது?

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இடது மேல் மூலை. அங்கே இருப்பது 1. நாம் தேடுவது 56, அதைவிடப் பெரியது. சரி, எங்கே போவது? வலப்பக்கம் போனாலும் எண் கூடும், கீழே போனாலும் கூடும். இரண்டு வழியும் ஒன்றுபோல் இருப்பதால் அந்த 1 நமக்கு எதையும் சொல்லவில்லை. வலது கீழ் மூலையில் 100. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் குறையும், அதே குழப்பம்.

வலது மேல் மூலையில் இருக்கும் 10 அப்படியல்ல. தன் நிரையில் அதுதான் மிகப் பெரியது, தன் நிரலில் அதுதான் மிகச் சிறியது. இடப்பக்கம் போனால் எண் குறையும், கீழே போனால் கூடும். அதனால் ஒரு எண்ணைப் பார்த்ததும் ஒரு முடிவு எடுக்க முடிகிறது. 10ஏ 56ஐவிடச் சிறியது என்றால், அந்த நிரையில் மற்றவை 10ஐவிடவும் சிறியவை, ஆகவே முதல் நிரை முழுவதையும் அடித்துவிடலாம். ஒரே பார்வையில் பத்துக் கட்டங்கள் போய்விட்டன. (இடது கீழ் மூலையிலிருந்தும் இதே வேலை நடக்கும். திசைகள் மட்டும் மாறும்.)

கையால் ஒருமுறை

பேனாவும் தாளும் எடுத்துச் செய்து பாருங்கள், கோட் எழுதுவதற்கு முன்னால் இது முக்கியம்.

10, சிறியது, கீழே. 20, கீழே. 30, 40, 50, எல்லாமே சிறியவை, ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகிறோம். அடுத்து 60. இது பெரியது. இப்போது மிச்சமிருக்கும் கட்டங்களில் பத்தாம் நிரலில் மிகச் சிறிய எண் இந்த 60தான். அதுவே 56ஐத் தாண்டிவிட்டதால் அந்த நிரல் முழுவதும் வேண்டாம். இடப்பக்கம் ஒரு அடி: 54. சிறியது, கீழே: 63. பெரியது, இடப்பக்கம்: 56. கிடைத்துவிட்டது.

மொத்தம் ஒன்பது எண்களைத்தான் பார்த்தோம்.

இல்லாத எண்ணைத் தேடினால்? 51ஐ எடுங்கள். 10, 20, 30, 40, 50, 60, 54, 48, 56, 49, 56, 48, 54, 45, 50. அதற்கும் கீழே இறங்க நிரை இல்லை, அட்டையை விட்டு வெளியே வந்துவிட்டோம். 51 இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம். 60க்குப் பிறகு பார்த்த எண்களைக் கவனியுங்கள்: 45க்கும் 56க்கும் நடுவிலேயே, 51ஐச் சுற்றிச் சுற்றி வருகின்றன. 51ஐவிடச் சிறியவற்றுக்கும் பெரியவற்றுக்கும் நடுவே ஒரு வரப்பு இருக்கிறது, நாம் நடப்பது அந்த வரப்பின் மேல்தான்.

ஒவ்வொரு பார்வையிலும் ஒரு நிரையோ ஒரு நிரலோ கழிகிறது. அட்டையில் 10 நிரை, 10 நிரல். இரண்டில் ஏதாவது ஒன்று முழுதும் தீர்ந்ததும் நின்றுவிடுகிறோம், ஆகவே எந்த எண்ணைக் கேட்டாலும் 19 பார்வைக்கு மேல் தேவைப்படாது.

கோட்

```python
def thedu(m, x):
    if not m or not m[0]:
        return None
    r, c = 0, len(m[0]) - 1
    while r < len(m) and c >= 0:
        if m[r][c] == x:
            return r, c
        if m[r][c] > x:
            c -= 1
        else:
            r += 1
    return None

attai = [[i * j for j in range(1, 11)] for i in range(1, 11)]
print(thedu(attai, 56))
```

விடை `(6, 7)` என்று வரும். ஏழாம் வாய்பாட்டில் எட்டாவது இடம் என்பதைத்தான் பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணி அப்படிச் சொல்கிறது.

எங்கே சறுக்கும்

`c >= 0` என்பதை மறந்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, ஆரம்பத்தில் நானும் செய்ததுதான். மறந்தால் உடனே பிழை வராது, அதுதான் வேதனை. பைத்தானில் `c` மதிப்பு -1 ஆனால் கடைசி நிரல் என்று பொருள். 0ஐத் தேடிப் பாருங்கள். 10லிருந்து 1 வரை இடப்பக்கம் நடந்து, அட்டையைத் தாண்டி, சத்தமில்லாமல் மறுபடி 10க்கு வந்து, அதே நிரையை இன்னொரு சுற்று சுற்றிவிட்டு, `c` -11 ஆன பிறகுதான் `IndexError` வரும். 51ஐ வைத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் 51 கீழ்ப்பக்கமாக வெளியேறுகிறது. அதனால் சோதிக்கும்போது இரண்டு இல்லாத எண்கள் வேண்டும்: கீழே வெளியேற ஒன்று, இடப்பக்கம் வெளியேற ஒன்று.

அடுத்தது, நிரைகள் மட்டும் ஏறுவரிசையில் இருந்து நிரல்கள் அப்படி இல்லாமல் இருப்பது. `[[1, 5, 9], [2, 3, 4]]` என்பதில் 4ஐத் தேடுங்கள். 9, 5, 1, 2 என்று நடந்து 'இல்லை' என்று வரும். 4 அங்கேயே இருக்கிறது! 9ஐப் பார்த்ததும் கடைசி நிரலை அடித்துவிட்டோம், அதற்குக் கீழே இருந்த 4ம் சேர்ந்து போய்விட்டது. இங்கே எந்தப் பிழைச் செய்தியும் வராது. தரவு வெளியிலிருந்து வருகிறது என்றால் முதலில் இரு பக்கமும் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லீட்கோட்டின் 74ஆம் கணக்கோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் ஒரு நிரையின் முதல் எண் முந்தைய நிரையின் கடைசி எண்ணைவிடப் பெரியது, ஆகவே எல்லாவற்றையும் ஒரே நீளப் பட்டியலாக நினைத்து, நடு எண்ணைப் பார்த்துப் பாதியைக் கழித்துக்கொண்டே போகும் பைனரி தேடல் நடத்தலாம். நம் அட்டையில் 10க்கு அடுத்த நிரை 2ல் தொடங்குகிறது. அந்த வித்தை இங்கே செல்லாது.

இரண்டு 56

அட்டையில் 56 இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டும் வேண்டுமென்றால் முதல் 56 கிடைத்ததும் நிற்காமல் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு `r += 1`, `c -= 1` இரண்டையும் செய்யுங்கள். அந்த நிரையில் இடப்பக்கம் இருப்பவை 56ஐவிடச் சிறியவை, அந்த நிரலில் கீழே இருப்பவை பெரியவை, ஆகவே இரண்டையுமே விட்டுவிடலாம். போய் நிற்கும் இடம் எட்டாம் நிரை, ஏழாம் நிரல்: அடுத்த 56 அங்கேயே நிற்கிறது. ஒரே நிரையிலோ நிரலிலோ ஒரு எண் திரும்ப வரும் தரவில் மட்டும் இப்படித் தாவாதீர்கள், சில இடங்கள் விட்டுப்போகும்.

எப்போது வேண்டாம்

1000 நிரை, 1000 நிரல் உள்ள அணியில் இந்த முறைக்கு அதிகபட்சம் 1999 பார்வைகள். ஒவ்வொரு நிரையிலும் தனித்தனியாக பைனரி தேடல் நடத்தினால் நிரைக்குப் பத்து வீதம் 10,000 வரை போகும். இங்கே நம் முறைதான் மேல்.

ஆனால் 4 நிரை, 10 லட்சம் நிரல் என்று இருந்தால் கதை தலைகீழ். ஒரு நிரையில் பைனரி தேடலுக்கு 20 பார்வை, நாலுக்கும் சேர்த்து 80தான். மூலையிலிருந்து ஒவ்வோர் அடியாக இடப்பக்கம் நடந்தால் 10 லட்சம் அடிக்கு மேல்கூட ஆகலாம். இப்படி நீண்டு ஒல்லியாக இருக்கும் அணி கையில் வந்தால் நான் மூலைப் பக்கமே போவதில்லை, நிரைக்கு ஒரு பைனரி தேடல் எழுதி முடித்துவிடுவேன்.