ஏழு விநாடியில் விழுந்த கோல்: ஆன்லைன் எஃப்.சி.யில் டிஃபென்ஸ் ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. கால்பந்து வீடியோ கேமின் ஆன்லைன் போட்டியான ரைவல்ஸில் ஓர் ஆட்டம். 2-1 என்று நான் முன்னிலை, 84-வது நிமிடம். எதிராளியின் இடது விங்கர் டச்லைன் ஓரமாகப் பந்தை வாங்கினார். அடுத்த ஏழு விநாடிகளில் ஸ்கோர் 2-2. ரீப்ளேயை நாலைந்து முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த விங்கர் பெரிய வித்தை எதையும் காட்டவில்லை. நான் வரிசையாக நான்கு தவறுகள் செய்திருந்தேன், அவ்வளவுதான். ஆன்லைனில் டிஃபென்ஸ் ஆடத் திணறுகிற பெரும்பாலோர் செய்வதும் இதே நான்கைத்தான். எனவே அந்த ஒரு கோலை மட்டும் எடுத்துக்கொண்டு பேசலாம்.

பட்டன்களை பிளேஸ்டேஷன் கணக்கில் சொல்கிறேன். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் L2-வை LT, R2-வை RT, R1-ஐ RB, L1-ஐ LB, வட்டத்தை B, X பட்டனை A, சதுரத்தை X என்று மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாம் கன்ட்ரோலரின் இயல்பான அமைப்பில்தான்.

முதல் தவறு, R2-வை அழுத்திப் பிடித்தபடி நேராக ஆளை நோக்கி ஓடியது. என் ரைட் பேக் பந்துக்குப் பத்து அடி இருக்கும்போது முழு வேகத்தில் இருந்தார். விங்கர் இடது ஸ்டிக்கை லேசாக உள்பக்கம் திருப்பினார். அவ்வளவுதான், என் ஆள் அவரைக் கடந்து டச்லைன் பக்கம் போய்விட்டார். முழு வேகத்தில் ஓடும் ஆள் இந்த ஆட்டத்தில் நினைத்த இடத்தில் திரும்ப மாட்டார். வேகம் குறைந்து, காலை ஊன்றி, உடம்பைத் திருப்பி மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் எதிராளி இரண்டு மூன்று கஜம் போயிருப்பார்.

ஓடிப் போவது தவறில்லை, கடைசி வரைக்கும் ஓடுவதுதான் தவறு. ஆளுக்கு நாலைந்து எட்டு இருக்கும்போதே R2-வை விட்டுவிட்டு L2-வைப் பிடிக்க வேண்டும். இதுதான் ஜாக்கி. இதில் உங்கள் ஆள் முழங்காலை மடக்கி, பந்தைப் பார்த்தபடியே பக்கவாட்டிலும் பின்னாலும் நகர்வார். வேகம் குறைவு, ஆனால் எந்தப் பக்கமும் உடனே திரும்ப முடியும். பெனால்டி பாக்ஸுக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதும் இதில்தான்.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். அந்த விங்கர் வலது காலால் ஆடுபவர். அவருக்குப் பிடித்த வழி உள்பக்கம் வெட்டி ஷாட் அடிப்பது. என் ரைட் பேக் அவருக்கு நேர் எதிரே நிற்காமல் அரை அடி உள்பக்கம் தள்ளி நின்றிருந்தால், அவருக்குக் கார்னர் கொடிப் பக்கம் மட்டும்தான் வழி கிடைத்திருக்கும். டச்லைனையே இன்னொரு டிஃபெண்டராக வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

ஜாக்கியிலேயே ஒரு குழப்பம் பலருக்கு உண்டு. L2-வுடன் R2-வையும் சேர்த்துப் பிடித்தால் வேகமான ஜாக்கி வரும். சிலர் ஆட்டம் முழுக்க இரண்டையும் பிடித்தே ஆடுகிறார்கள். அதில் எட்டு பெரிதாகும், திரும்புவது மந்தமாகும். கிட்டத்தட்ட ஓடுவதில் இருக்கிற அதே ஆபத்து. நான் பின்பற்றுவது இதுதான்: ஆள் பந்தை வைத்துக்கொண்டு நிதானமாக நிற்கும்போது L2 மட்டும், அவர் ஒரு பக்கம் ஓடத் தொடங்கியதும் R2-வையும் சேர்ப்பது, பந்தைத் தள்ளிவிட்டு என்னைக் கடந்து ஓடினால் L2-வை முழுசாக விட்டுவிட்டுத் துரத்துவது. இந்த மூன்றாவதில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். பதற்றத்தில் L2-வில் விரல் ஒட்டிக்கொண்டே இருக்கும், ஆள் ஜாக்கியிலேயே ஓட்டப்பந்தயம் ஓடிக்கொண்டிருப்பார். எஃப்.சி. 24 முதல் வந்த பிளேஸ்டைல் என்ற சிறப்புத் திறன்களில் Jockey உள்ள டிஃபெண்டர்கள் இந்த இடத்தில் நன்றாகக் கைகொடுப்பார்கள். வேகமான ஜாக்கியில் அவர்களுக்கு வேகம் கூடும், அதிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவதும் சுலபம்.

சரி, ஆள் கடந்துவிட்டார். பயத்தில் இரண்டாவது தவறு: R1-ஐப் பிடித்தேன். அதைப் பிடித்தால் கம்ப்யூட்டர் கையில் இருக்கும் கூட்டாளி ஒருவர் தானாகவே பந்தை நெருங்குவார். அன்றைக்கு வந்தவர் என் வலது சென்டர் பேக். அவர் வெளியே வந்ததும், அதுவரை அவர் காத்துக்கொண்டிருந்த இடம் காலியானது. ரீப்ளேயில் பார்த்தால் அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் அந்த ஓட்டையை நோக்கித் திரும்பும் கணம் தெளிவாகத் தெரிகிறது. R1-ஐ முற்றிலும் தொடக்கூடாது என்று சொல்ல மாட்டேன். நடு மைதானத்தில், வரப்போகிறவர் ஒரு மிட்ஃபீல்டர் என்று தெரிந்தால், ஒன்றிரண்டு விநாடி பிடித்துவிட்டு விடலாம். பாக்ஸ் பக்கத்தில், வரப்போவது சென்டர் பேக் என்றால் பிடிக்கவே கூடாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடிய பிளேஸ்டேஷன் சென்டர் நாட்கள் நினைவுக்கு வருகின்றன. எஃப்.சி.க்கு ஃபிஃபா என்று பெயர் இருந்த அந்தக் காலத்தில் ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், ஆள் தானாகத் துரத்திப் போய்ப் பந்தைப் பிடுங்கிவிடுவார். 2011-ல் வந்த ஃபிஃபா 12 தான் அதை மாற்றி டேக்டிகல் டிஃபெண்டிங்கைக் கொண்டுவந்தது. தூரத்தையும் நேரத்தையும் நாமே கணிக்க வேண்டும் என்றானது. இன்றைக்கும் X பட்டனைப் பிடித்தால் ஆள் தானாக எதிராளியைத் தொடர்வார், ஆனால் பந்தை எடுத்துத் தர மாட்டார். எந்தப் பக்கத்தை மூடுவது என்ற முடிவும் நம் கையை விட்டுப் போய்விடும்.

மூன்றாவது தவறுதான் பெரியது. சென்டர் பேக் வெளியே வந்ததும் L1 அடித்து அவரை என் கைக்குக் கொண்டுவந்தேன். விங்கர் பக்கத்தில் வந்ததும் வட்டத்தை அழுத்தினேன். கால் நீண்டது, பந்து அங்கே இல்லை.

டேக்கிள் தவறினால் வெறும் பந்து போவதோடு முடியாது. நீட்டிய காலை இழுத்து, நிமிர்ந்து, மறுபடி நகரத் தொடங்கும் வரை அந்த ஆள் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார். ஒரு விநாடிக்கும் குறைவான நேரம்தான், ஆனால் பாக்ஸுக்குள் அது ஒரு கோல். அதனால்தான் அழுத்தலாமா வேண்டாமா என்ற கேள்வியைவிட, பந்து இப்போது எங்கே என்ற கேள்வி முக்கியம்.

பந்து காலோடு ஒட்டியிருக்கும்போது அழுத்தினால் பெரும்பாலும் தோல்வி, இல்லையென்றால் ஃபவுல். அது காலை விட்டு விலகும் கணங்கள் சில உண்டு. ஓடும்போது ஒவ்வொரு தட்டுக்கும் பந்து ஓரிரு அடி முன்னால் போகும். ஆள் அதை மறுபடி தொடுவதற்கு முன் அது யாருடையதும் இல்லை. ஸ்கில் மூவ் முடிந்து வெளியே வரும் முதல் தட்டும் அப்படித்தான். வேகமாக வந்த பாஸை வாங்கும் முதல் தொடுதலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதிலும் அவர் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது. கண்ணை ஆள் மேல் வைக்காமல் பந்துக்கும் பூட்ஸுக்கும் நடுவே தெரியும் இடைவெளி மேல் வைத்துப் பாருங்கள். அந்த இடைவெளி கண்ணில் பட்டதும் ஒரு முறை தட்டினால் போதும். தவறிவிட்டால் மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். L2-வுக்குத் திரும்பி, ஓர் எட்டு பின்வாங்குங்கள்.

நேரம் சரியாக இருந்தாலும் திசை தவறினால் பயனில்லை. உங்கள் ஆள் முன்பக்கமாகவோ சற்றுப் பக்கவாட்டிலோ, ஒரு கால் நீளத்தில் இருக்க வேண்டும். பின்னாலிருந்து துரத்தும்போது அதே வட்டம் சட்டையைப் பிடித்து இழுப்பதாகவோ தள்ளுவதாகவோ மாறிவிடும். பாக்ஸுக்குள் அது பெனால்டி.

ஆன்லைனில் இன்னொரு சிக்கல், பட்டன் அழுத்தியதற்கும் கால் நீள்வதற்கும் இடையே வரும் தாமதம். இணைப்பு மோசமான நாளில், இடைவெளியைப் பார்த்துவிட்டு அழுத்தினால் அது மூடியபிறகுதான் கால் நீளும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் நான் வழக்கத்தைவிட அரை எட்டு பின்னால் நின்று, டேக்கிளைக் குறைத்துக்கொள்வேன். ஜாக்கியில் சரியான இடத்தில் நின்றாலே பல பந்துகள் தானாக உடம்பில் பட்டுக் கிடைக்கும், பக்கத்தில் போகும் பாஸுக்கு ஆள் தானே காலை நீட்டுவார். இதைப் பழக ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டரோடு மூன்று ஆட்டம், வட்டத்தையும், சறுக்கி டேக்கிள் செய்யும் சதுரத்தையும் தொடாமல் ஆடிப் பாருங்கள். முதல் ஆட்டம் எரிச்சலாக இருக்கும். மூன்றாவதில் எங்கே நிற்பது என்பது கைக்கே தெரிந்திருக்கும்.

நான்காவது தவறு, ஆள் மாற்றியது. விங்கர் கோல் லைனை நெருங்கிவிட்டார். நான் பதறி L1-ஐ இரண்டு முறை அடித்தேன். முதல் தடவை சரியான ஆள் வந்தார், இரண்டாவது தடவை அவரையும் தாண்டிப் போய்விட்டது. இடது ஸ்டிக் இன்னும் விங்கர் பக்கமே சாய்ந்திருந்ததால், புதிதாகக் கைக்கு வந்த டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் நல்ல இடத்தில் நின்றிருந்தும், இரண்டு எட்டு தவறான பக்கம் போனார். பெனால்டி ஸ்பாட்டுக்குப் பின்னோக்கிய பாஸ், முதல் தொடுதலிலேயே ஷாட், கோல்.

பாக்ஸ் பக்கத்தில் வலது ஸ்டிக்கைத் தட்டி ஆள் மாற்றுவதே நல்லது. எந்தத் திசையில் தட்டுகிறோமோ அந்தப் பக்கத்து ஆள் வருவார், அடுத்தவர் யார் என்ற ஊகம் வேண்டாம். மாற்றும் கணத்தில் இடது ஸ்டிக்கை நடுவுக்கு விட்டுவிடுங்கள். Auto Switching-ஐ நான் On Air Balls-இல் வைத்திருக்கிறேன். தரையில் போகும் பந்துக்கு ஆட்டமே ஆளை மாற்றி என்னைக் குழப்பாது. அப்புறம், விங்கர் கோல் லைன் ஓரம் போய்விட்டால் அவரைப் பிடிக்கும் ஆசையையும் விட வேண்டும். அந்தக் கோணத்திலிருந்து ஷாட் வந்தால் கோல்கீப்பர் பெரும்பாலும் பார்த்துக்கொள்வார். கைக்கு எடுக்க வேண்டியது நடுவில் நிற்கும் மிட்ஃபீல்டரை, நிற்க வேண்டியது பந்துக்கும் பெனால்டி ஸ்பாட்டுக்கும் இடையே.

இரண்டு நாள் கழித்து, வேறோர் எதிராளி, அதே மூலை. நாலு எட்டு இருக்கும்போதே R2-வை விட்டேன், L2 பிடித்து உள்பக்கம் தள்ளி நின்றேன். அவர் ஒரு ஸ்டெப்-ஓவர் போட்டார், நான் அசையவில்லை. இன்னொன்று போட்டார். கோல் லைன் பக்கம் ஓடப் பார்த்தார், R2-வைச் சேர்த்துக்கொண்டு கூடவே போனேன். கடைசியில் உள்பக்கம் திரும்பும்போது பந்து பூட்ஸிலிருந்து ஓரடி விலகியது. வட்டத்தை ஒரு முறை தட்டினேன். பந்து என் ரைட் பேக் காலில் இருந்தது.