சராசரியை இழுக்கும் மதிப்பெண்கள்: நறுக்கும்போது நடக்கும் பிழைகள்

பத்துப் பேர் எழுதிய கணக்குத் தேர்வின் மதிப்பெண்கள் இவை: 3, 48, 52, 55, 58, 60, 61, 63, 66, 68. சராசரி 53.4. ஆனால் ஏழு பேர் அதற்கு மேலே இருக்கிறார்கள். அந்த ஒற்றை 3 கீழே இழுப்பதுதான் காரணம்.

இரு முனைகளிலும் ஒவ்வொன்றை விட்டுவிட்டு மீதி எட்டுக்குச் சராசரி எடுத்தால் 57.9 வரும். இதுதான் டிரிம்ட் மீன். வின்சரைஸ் செய்வதென்றால் எதையும் விடுவதில்லை. 3 இருக்கும் இடத்தில் 48, 68 இருக்கும் இடத்தில் 66 என்று பக்கத்து எண்ணை வைத்துப் பத்துக்கும் சராசரி எடுக்கிறோம்: 57.7.

அதிகம் பேர் சறுக்குவது எக்செலில். பத்து சதவீதம் நறுக்க வேண்டும் என்று இப்படி எழுதுவார்கள்:

```
=TRIMMEAN(A2:A11,0.1)
```

விடை 53.4, அதே பழைய சராசரி! எக்செலில் அந்த 0.1 இரு முனைகளுக்கும் சேர்த்துத்தான். பத்தில் அது ஒன்று. ஒன்றை இரண்டு பக்கமும் பங்கிட முடியாது என்பதால் கீழே இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, இறக்கிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. 0.2 என்று கொடுத்தால்தான் 57.9 கிடைக்கும். ஆர் மொழியில் `mean(x, trim=0.1)` என்றால் ஒவ்வொரு முனையிலும் பத்து சதவீதம். இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்தது, 3-ஐ மட்டும் தூக்கிவிட்டு மேலே தொடாமல் விடுவது. சராசரி 59.0 ஆகிவிடும். வகுப்பை அழகாகக் காட்டும், அவ்வளவுதான்.

அப்புறம், எத்தனை எண்கள் விலகி நிற்கின்றன என்று பார்க்காமல் நறுக்குவது. மேலே உள்ள 48-ஐ 5 ஆக்கிப் பாருங்கள். சராசரி 49.1. முனைக்கு ஒன்று வீதம் வின்சரைஸ் செய்தால் 3 என்பது 5 ஆகிறது, 68 என்பது 66 ஆகிறது. சராசரி மறுபடியும் 49.1! முனைக்கு ஒன்று நறுக்கினாலும் 52.5தான். முனைக்கு இரண்டு நறுக்கினால்தான் 58.2 வருகிறது.

தேர்வுக்கு வராதவருக்கு 0 போட்டு வைத்திருந்தால் அதை நறுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அது மதிப்பெண்ணே இல்லை, முதலிலேயே கட்டத்தைக் காலியாக விடுங்கள். வின்சரைஸ் செய்த எண்களை மூலப் பட்டியலின் மேலேயே எழுதிவிடுவதும் ஆபத்து. மூன்று வாங்கிய பிள்ளையின் பெயருக்கு நேரே 48 என்று பதிவாகிவிடும், அதனால் தனிப் பத்தியில் போடுங்கள்.

நாற்பது பேரில் பன்னிரண்டு பேர் பத்துக்குக் கீழே என்றால் இந்த இரண்டு முறையையும் ஓரமாக வையுங்கள். அது விலகல் இல்லை, வகுப்பில் இரண்டு கூட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியே சராசரி சொல்வதே சரி.