உதிரிச் சாவியை எங்கே வைப்பது? தாயகம் செல்லும் ஊடகவியலாளர்களுக்கும் செயற்பாட்டாளர்களுக்கும்

இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ யாழ்ப்பாணம் செல்பவர்கள் பலர், கட்டுநாயக்கவில் இறங்கியதும் வெளிநாட்டுச் சிம் அட்டையைக் கழற்றிவிட்டு உள்ளூர் அட்டை ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். அதன் பிறகு, மின்னஞ்சல் கணக்கு பழைய எண்ணுக்கு அனுப்பும் குறுஞ்செய்திக் குறியீடு அவர்களுக்கு வந்து சேராது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும் ஊடகவியலாளருக்கும், காணி விடுவிப்புக்காகக் குரல் கொடுப்பவருக்கும் அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தக் குறியீடு வேறொருவர் கைக்குப் போய்விடுவதே. மத்திய கிழக்கிலும் வட ஆபிரிக்காவிலும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களைக் குறிவைத்து இது நடந்ததை மன்னிப்புச் சபை 2018 டிசம்பரில் வெளியிட்டது. போலி உள்நுழைவுப் பக்கமொன்றில் அவர்கள் இட்ட கடவுச்சொல்லும் குறியீடும், காலாவதியாகும் முன்பே உண்மையான பக்கத்தில் இடப்பட்டுக் கணக்குகள் திறக்கப்பட்டன.

பாதுகாப்புச் சாவி எனப்படும் சிறு கருவி இந்த வழியை அடைக்கிறது. யூபிகீ, கூகுளின் டைட்டன் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு கணக்கில் சாவியைப் பதியும்போது, அந்தத் தளத்தின் முகவரிக்கென்றே ஓர் இரகசியம் சாவிக்கு உரியதாக உருவாகிறது. accounts.google.com என்ற முகவரிக்குப் பதிந்த சாவி, ஓர் எழுத்து மாறிய முகவரியிலிருந்து கேட்டால் அதற்குரிய விடையைத் தராது. களைப்பில் நம் கண் ஏமாறினாலும் சாவி ஏமாறுவதில்லை.

ஆனால் அந்த இரகசியத்தைச் சாவிக்கு வெளியே எடுக்க முடியாது என்பதால், சாவியைப் பிரதி எடுக்கவும் முடியாது. வீட்டுத் திறப்பைக் கடையில் கொடுத்து இன்னொன்று வெட்டிக்கொள்வதுபோல இதற்கு உதிரி செய்ய வழியில்லை. உதிரிச் சாவி என்பது முற்றிலும் வேறொரு சாவி. ஒவ்வொரு கணக்கிலும் அதைத் தனியாகப் பதிய வேண்டும். இதை உணராதவர்கள் இரண்டு சாவிகளை வாங்கி ஒன்றை மட்டும் பதிந்துவிட்டு, மற்றதைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருப்பார்கள். இன்னும் அடிக்கடி நேர்வது வேறொன்று: வாங்கிய நாளில் இரண்டையும் பதிந்திருப்பார்கள், ஆனால் பின்னர் தொடங்கிய கணக்குகளில் கைச்சாவி மட்டுமே பதிவாகியிருக்கும். எனவே, எந்தெந்தக் கணக்கில் எந்தெந்தச் சாவி பதிவாகியுள்ளது என்பதைக் கடவுச்சொற்கள் எதுவுமின்றி ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருப்பது நல்லது.

இலண்டனிலிருந்து மூன்று வாரங்களுக்கு யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் செல்லும் ஊடகவியலாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டல்ல, மூன்று சாவிகள் வேண்டும் என்பது என் கருத்து. யூஎஸ்பி-சி முனையும், தொலைபேசியருகே வைத்தாலே இயங்க உதவும் என்எஃப்சியும் உள்ள ஒரே வகைச் சாவிகளாக, தயாரிப்பாளரிடமிருந்தே நேரடியாக வாங்குவது சிறந்தது. முதலாவது அவர் உடலோடு, கழுத்துப் பட்டியிலோ உட்சட்டைப் பையிலோ செல்லும். இரண்டாவது, கைத்தொலைபேசியும் மடிக்கணினியும் இல்லாத வேறொரு பொதியில் செல்லும். துணைக்கு ஒருவர் வந்தால் அவரிடம் இருப்பது இன்னும் நல்லது. மூன்றாவது இலண்டனில் அக்காவின் வீட்டில் இருக்கும்.

இதற்குக் காரணம் எளியது. கொழும்பிலிருந்து வரும் இரவுப் பேருந்தில் ஒரு பை தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி மட்டும் போனால் பெரிய இடரில்லை; தொலைபேசியில் கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கும். தொலைபேசி மட்டும் போனால், புதிய கருவி ஒன்றில் சாவியைக் கொண்டு உள்நுழையலாம். இரண்டும் ஒரே பையில் இருந்து போகும்போதுதான் கணக்கின் கதவு அடைபடுகிறது. தொலைபேசியில் கணக்கு திறந்திருந்தாலும், தொலைந்த சாவியைப் பட்டியலிலிருந்து நீக்கப் போகும்போது கூகுள் மீண்டும் அடையாளத்தை உறுதிசெய்யக் கேட்கும். அப்போது இரண்டாவது சாவிதான் கைகொடுக்கும். அக்காவிடம் உள்ள மூன்றாவது சாவியைத் தபாலில் வரவழைப்பதை நம்பித் திட்டமிட வேண்டாம். நீங்கள் இலண்டன் திரும்பியதும் கணக்கை மீட்பதற்கான கடைசி வழியே அது.

ஆப்பிள் கணக்கில் குறைந்தது இரண்டு சாவிகளைப் பதியாமல் இந்த வசதியை இயக்கவே முடியாது; ஆறு வரை பதியலாம். கூகுளில் Passkeys and security keys என்ற பகுதியில் ஒவ்வொரு சாவிக்கும் 'கழுத்து', 'பொதி', 'அக்கா' என்று பெயரிட்டுவிடுங்கள், தொலைந்தது எது என்று பின்னர் குழம்ப வேண்டியிராது. அதன் பிறகு குறுஞ்செய்தி வழி இன்னும் திறந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சாவியைப் பதிந்த பின்பும் அந்த வழியை விட்டுவைத்தால், தாக்குபவர் 'வேறு வழியில் முயல்க' என்பதைத் தெரிந்தெடுத்துச் சாவியைச் சுற்றிப் போய்விடுவார். 2017இல் கூகுள் தொடங்கிய மேம்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் இப்படிப்பட்ட வலுக்குறைந்த வழிகள் மூடப்படும். அதே காரணத்தால் கணக்கை மீட்க நேர்ந்தால் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், புறப்படும் வாரத்தில் அல்லாமல் ஒரு மாதம் முன்பே சேர்ந்து பழகிக்கொள்ள வேண்டும்.

புறப்படுவதற்கு முன் உலாவியில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து, மூன்று சாவிகளாலும் தனித்தனியே உள்நுழைந்து பாருங்கள். தொலைபேசியிலும் இதைச் செய்யுங்கள். ஐபோனில் சாவியைத் தொலைபேசியின் மேல்விளிம்பில் வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் என்எஃப்சி அணைந்திருந்தால் எதுவும் நடக்காது, தடித்த உறையும் சில வேளைகளில் தடுக்கும். உறவினர் வீட்டுப் பழைய கணினியில் அகன்ற யூஎஸ்பி துளை மட்டுமே இருக்கக்கூடும் என்பதால் சிறிய இணைப்பி ஒன்றைக் கொண்டுசெல்லலாம். ஆனால் பொதுக் கணினிகளில் சாவியிருந்தாலும் உள்நுழைய வேண்டாம்.

ஏனெனில் சாவி காப்பது உள்நுழைவை மட்டுமே. ஏற்கெனவே திறந்திருக்கும் கணக்கோடு தொலைபேசி பறிக்கப்பட்டு, அதன் பூட்டும் திறக்கப்பட்டால் சாவியால் எந்தப் பயனுமில்லை. ஆகவே பயணத்துக்குத் தேவையில்லாத கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டே விமானம் ஏறுங்கள். சிக்னல் செயலிக்கும் இந்தச் சாவி உதவாது. அங்கே உங்கள் எண்ணை வேறொருவர் பதியவிடாமல் தடுக்கும் பதிவுப் பூட்டை இயக்கி, அதற்கான பின் எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சாவிக்கும் பின் எண் உண்டு, அதை அமைத்துக்கொள்ளுங்கள். எட்டு முறை தொடர்ந்து தவறாக இட்டால் சாவி பூட்டிக்கொள்ளும். பின்னர் அதை முழுதாக அழித்துத்தான் மீண்டும் பயன்படுத்த முடியும், அழித்தால் பழைய பதிவுகள் எதற்கும் அது உதவாது. மூன்றாவது தவறுக்குப் பின் சாவியைக் கழற்றி மாட்டச் சொல்லும். அந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டு நிதானமாக யோசியுங்கள். விசாரணையின்போது பின் எண்ணைக் கேட்டால் என்ன சொல்வது என்பதை, அங்கு நின்று முடிவெடுக்காமல், சட்டத்தரணி ஒருவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சாவி சிறிது நேரமேனும் உங்கள் கண்ணுக்கு மறைவாக அதிகாரிகளிடம் இருந்திருந்தால், அது சேதமின்றித் திரும்பி வந்தாலும், மற்றொரு சாவியால் நுழைந்து அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இலண்டன் திரும்பியதும் அக்கா வீட்டுச் சாவியை வரவழைத்து, பயணத்தின்போது தொடங்கிய கணக்குகளில் அதையும் பதியுங்கள். நீக்கியதற்குப் பதிலாகப் புதியதொன்றை வாங்கிப் பதிந்த பிறகே அந்தச் சாவியை அக்காவிடம் திருப்பிக் கொடுங்கள்.