content என்ற சொல்லில் எந்த அசையை அழுத்துவது? அகராதியில் பொருளோடு உச்சரிப்பையும் பார்க்கும் முறை

பெருங்குடியில் ஒரு ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் போன வாரம் போன் செய்தாள். "சித்தி, கிளையண்ட் அனுப்பின மெயில்ல ஏதோ ஒரு சொல் விட்டுப்போயிருக்கு" என்றாள். வரியை வாசித்துக் காட்டச் சொன்னேன்.

We are content with the new layout.

சொல் எதுவும் விட்டுப்போகவில்லை. 'கன்டென்ட் ரைட்டர்' என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய அதே ஓசையில், முதல் அசையை அழுத்தி அவள் வாசித்தாள். காதில் விழுந்தது 'உள்ளடக்கம்' என்ற பெயர்ச்சொல். மெயிலில் இருந்ததோ 'திருப்தியாக இருக்கிறோம்' என்ற பொருள் தரும் பெயரடை. அகராதியைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்திருக்கிறாள். முதல் வரியில் 'உள்ளடக்கம்' என்று இருந்ததும் மூடிவிட்டாள்.

இந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொண்டு, அகராதியில் பொருளையும் உச்சரிப்பையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று காட்டுகிறேன். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு போன்ற, கற்பவர்களுக்கான அகராதி ஏதாவது ஒன்று போதும். இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

படி 1: அகராதிக்கு முன்னால் வாக்கியம்

சொல் உங்கள் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். மேலே உள்ள வரியில் are என்பதற்குப் பிறகு, with என்பதற்கு முன்னால் அது நிற்கிறது. 'நாங்கள் எப்படி இருக்கிறோம்' என்று சொல்லும் இடம் அது. ஆகவே நமக்கு வேண்டியது பெயரடை. இதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் அகராதியைத் திறந்தால், கண் தானாகவே முதலில் தெரியும் பொருளில் போய் நின்றுவிடும்.

படி 2: சரியான பகுதிக்குப் போங்கள்

தேடும் பெட்டியில் content என்று தட்டுங்கள். மேலே noun என்ற பகுதி வரும். அங்கேயே நிற்காமல் கீழே இறங்கி adjective என்ற பகுதியைத் தேடுங்கள். ஆக்ஸ்போர்டில் அது தனிப் பக்கமாக இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக உச்சரிப்பும் தனியாக ஒலிபெருக்கிப் படமும் இருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான்: பொருளைக் கீழே படித்துவிட்டு, ஒலியை மேலே உள்ள பொத்தானில் கேட்பார்கள். பொருள் எந்தப் பகுதியில் இருக்கிறதோ, அதே பகுதியின் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.

படி 3: சாய்கோடுகளுக்கு நடுவே இருப்பதைப் படியுங்கள்

பிரிட்டிஷ் உச்சரிப்பில் இரண்டும் இப்படி இருக்கும்:

```
noun       /ˈkɒntent/
adjective  /kənˈtent/
```

மேலே தெரியும் அந்தச் சின்னக் கோடு ˈ தான் அழுத்தக்குறி. அது எந்த அசைக்கு முன்னால் நிற்கிறதோ, அந்த அசையைத்தான் அழுத்த வேண்டும். அசை என்று நான் சொல்வது யாப்பிலக்கணத்து நேரசை, நிரையசை அல்ல. ஓர் உயிரொலியைச் சுற்றி ஒரே மூச்சில் வரும் துண்டு. பெயர்ச்சொல்லில் கோடு சொல்லின் தொடக்கத்திலேயே இருக்கிறது, அதனால் முதல் அசை. பெயரடையில் கோடு நடுவில் இருக்கிறது, அதனால் இரண்டாவது அசை.

சில அகராதிகள் இந்தக் குறியை அழுத்தமான அசைக்குப் பின்னால் போடும். அமெரிக்கன் ஹெரிடேஜ் அகராதி அப்படிப்பட்டது. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் ஒரு பழைய அகராதியை வாங்கிய புதிதில், இது தெரியாமல் பல சொற்களைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிக்க, எங்கே அழுத்தம் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு சொல்லைப் பாருங்கள். about நல்ல சொல். அதில் அழுத்தம் இரண்டாவது அசையில்தான். குறி b என்ற எழுத்துக்கு முன்னால் இருந்தால் முன்குறி அகராதி. சொல்லின் கடைசியில் இருந்தால் பின்குறி அகராதி.

படி 4: அழுத்தாத அசையைக் குறுக்குங்கள்

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். அழுத்தம் என்றதும் ஓர் அசையைச் சத்தமாகச் சொல்வது என்று நினைக்கிறோம். அது பாதிதான். மற்ற அசை சுருங்க வேண்டும். மேலே உள்ள இரண்டு வரிகளையும் ஒப்பிட்டால், முதல் உயிரொலியே மாறியிருப்பது தெரியும்: பெயர்ச்சொல்லில் ɒ, பெயரடையில் தலைகீழான e போல இருக்கும் ə. இந்த ə-வுக்குத் தமிழில் எழுத்து இல்லை. அதனால்தான் தமிழ் எழுத்தில் 'கன்டென்ட்' என்று எழுதி வைத்தால் இரண்டு சொல்லும் ஒன்றாகிவிடுகின்றன.

எழுத்து இல்லாவிட்டாலும், குறுகி ஒலிக்கும் உயிர் நமக்குப் புதிதல்ல. பள்ளியில் குற்றியலுகரம் படித்திருப்போம். 'பாக்கு' என்று சொல்லும்போது கடைசி உகரத்துக்கு உதடு முழுசாகக் குவிவதில்லை. ஒரு மாத்திரை அரை மாத்திரையாகிவிடுகிறது. அதே சோம்பலை content-இன் முதல் அசைக்குக் கொடுங்கள். இரண்டும் ஒரே ஒலி அல்ல, ஆனால் வாய் செய்யும் வேலை அதேபோலத்தான். 'க'வைத் திறந்து சொல்லாமல், கிட்டத்தட்ட 'க்ன்' என்று கடந்து, 'டென்ட்' என்பதில் குரலைச் சற்று உயர்த்தி நின்று சொல்லுங்கள். பெயர்ச்சொல்லுக்கு இதை மாற்றி, 'கான்' என்பதில் நின்றுவிட்டு, 'டென்ட்' என்பதை லேசாக விடுங்கள்.

அப்புறம் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திக் கேளுங்கள். வாசித்த பிறகு கேட்டால் காது எதைத் தேட வேண்டும் என்று அதற்குத் தெரியும். முதலிலேயே கேட்டால், நமக்குப் பழகிய ஓசையைத்தான் அது கேட்கும். UK, US என்று இரண்டு இருந்தால் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். அமெரிக்க உச்சரிப்பில் பெயர்ச்சொல்லின் முதல் உயிர் 'கா' போல நீளும். அழுத்தம் விழும் இடம் இரண்டிலும் ஒன்றே.

படி 5: பொருளோடு சேர்த்து எழுதுங்கள்

நோட்டில் என் வழக்கம் இது:

```
ˈcontent   noun   உள்ளடக்கம்
conˈtent   adj    திருப்தியான
```

அழுத்தக்குறியைச் சொல்லுக்குள்ளேயே போட்டுவிட்டால், பொருளைப் படிக்கும்போதே ஓசையும் கூட வரும். பக்கத்தில் நீங்கள் பார்த்த வாக்கியத்தையும் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைப் பார்த்துவிட்டு, பெயர்ச்சொல் என்றால் முதல் அசை, மற்றதென்றால் இரண்டாவது என்று விதி செய்துகொள்ளாதீர்கள். record, object போன்ற சொற்கள் பெயராக வரும்போது முதல் அசையிலும், வினையாக வரும்போது இரண்டாவதிலும் அழுத்தம் பெறும். ஆனால் report பெயரானாலும் வினையானாலும் இரண்டாவது அசைதான். visit இரண்டிலும் முதல் அசை. ஒவ்வொரு சொல்லையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சரியாக வருகிறதா என்று பார்க்க, வாக்கியம் இல்லாமல் சொல்லை மட்டும் இரண்டு விதமாகப் பதிவு செய்து, எது எந்தப் பொருள் என்று இன்னொருவரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அக்கா மகள் வாட்ஸப்பில் இரண்டு பதிவுகள் அனுப்பினாள். முதலாவது உள்ளடக்கம் என்று உடனே தெரிந்தது. இரண்டாவதில் 'டென்ட்' நன்றாகவே உயர்ந்திருந்தது, ஆனால் 'கன்' இன்னும் முழுசாகவே நின்றது. இரண்டு தனிச் சொற்கள் போலக் கேட்டது. "பாக்குன்னு சொல்லிட்டு அப்படியே சொல்லு" என்று பதில் போட்டேன். நாலாவது பதிவில் சரியாக வந்தது.