அட்வான்ஸ் காசு: உவர்மலையில் ஒரு மேசைக் கணக்கு

திருகோணமலை உவர்மலையில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரே அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். அவருடைய பின்வீட்டில் இரண்டரை வருடம் வாடகைக்கு இருந்த மட்டக்களப்புத் தம்பி ஓகஸ்டில் வீட்டை விட்டார். மாத வாடகை 25,000 ரூபாய், அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு 75,000. பெயின்ற் அடிக்க 35,000, வாஷ் பேசின் வேலைக்கு 14,000, கடைசிக் கரண்ட் பில் 3,200 என்று கழித்து 22,800தான் தரலாம் என்றார் ரீச்சர். தம்பிக்கோ முழுக்காசும் வேண்டும். போனில் இரண்டு தடவை சத்தம் போட்டுக்கொண்டார்கள். மத்தியஸ்த சபைக்குப் போவேன் என்று தம்பி சொன்னபோது நான்தான் மறித்தேன். அங்கே யாரும் தீர்ப்பு எழுதித் தரமாட்டார்கள், பேசி இணங்க வைக்கத்தான் பார்ப்பார்கள். அதற்கும் படமும் பில்லும்தான் வேண்டும். அதை முதலில் நம் வீட்டு மேசையில் போட்டுப் பார்ப்போமே என்றேன்.

ஞாயிறு பின்னேரம், மூன்று பிளேன்ரீயோடு உட்கார்ந்தோம்.

பெயின்ற் காசுக்குப் பதிலாகத் தம்பி முதலில் காட்டிய படம் சுவரில் ஒரு மஞ்சள் ஈரக்கறை. கறை மட்டும்தான் தெரிந்தது. "இது எந்தச் சுவர் தம்பி?" என்று ரீச்சர் கேட்டார். தம்பியால் நிரூபிக்க முடியவில்லை. பலர் விடும் பிழை இது. பழுதை மட்டும் கிட்ட எடுத்தால் அது எந்த வீட்டுச் சுவராகவும் இருக்கலாம். கதவோ ஜன்னலோ தெரிகிற மாதிரித் தூரத்தில் நின்று ஒன்று, பிறகு கிட்ட ஒன்று என்று எடுக்கவேண்டும்.

அவரைக் காப்பாற்றியது தற்செயலாக எடுத்த இன்னொரு படம். வந்த அன்று அம்மாவுக்கு அறையைக் காட்ட வட்ஸ்அப்பில் அனுப்பியது. கட்டில், சூட்கேஸ், ஜன்னல் கம்பியின் கீழே வடிந்த துருக்கோடு, அதன் பக்கத்தில் அதே கறை. செய்தியின் திகதி 2023 ஜனவரி. மாரி மழை ஓய்ந்த கையோடு வந்ததால் கறை நன்றாக ஊறியே இருந்திருக்கிறது. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "ஓம், இது முந்தியே இருந்ததுதான்."

நம் ஊரில் இதைக் கவனிக்க வேண்டும். ஆடி ஆவணியில் குடிவந்தால் சுவரெல்லாம் காய்ந்து நல்லாய்த்தான் தெரியும். கூரை ஒழுக்கு ஐப்பசிக்குப் பிறகுதான் வெளியே வரும். முதல் பெருமழைக்குப் பிறகும் ஒரு தடவை படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த நேரத் தகவல் அழிந்துவிடும். ஆனால் அனுப்பிய திகதி செய்தியில் நிற்கும், அது இருவர் போனிலும் இருக்கும்.

கடல்காற்றில் துருவும் கம்பியும் மங்கிய பெயின்றும் குடியிருந்தவர் செய்த பழுதல்ல. ஆனால் ஹோலில் டிவி மாட்ட ஆறு ஓட்டை போட்டது தம்பிதான். அந்த ஒரு சுவருக்கு 6,000 என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்தது ரீச்சரின் பிழை. ஹாட்வெயார் பில்லில் பேசின் பூட்டுகூலியோடு 10,000, புதுப் பைப் 4,000. பேசின் வெடித்தது தன்னால்தான் என்று தம்பி முகம் கோணாமல் சொன்னார். பைப் ஏன்? "பேசின் மாத்தேக்க அதையும் மாத்துவம் எண்டு..." என்று இழுத்த ரீச்சர், தானே பேனையால் அந்த வரியை வெட்டினார். மொத்தத் தொகையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது. பில்லை வரிவரியாக வாசித்தால்தான் தெரியும்.

கரண்ட் பில்லுக்குத் தம்பி கெட்டிக்காரர். சாவி கொடுத்த அன்று மீற்றரைப் படமெடுத்திருந்தார்: 14,862. பில்லில் முந்தைய வாசிப்பு 14,802, பிந்தையது 14,898. ஆக 96 யூனிட்டில் அவருடையது 60, மிச்சம் 36 திருத்த வேலைக்கு வந்தவர்கள் எரித்தது. யூனிட் கூடக் கூட விலையும் ஏறுவதால் இப்படிப் பிரிப்பது சரிநுட்பம் இல்லை. என்றாலும் 3,200இல் 2,000 அவருக்கு என்று முடித்தோம்.

6,000, 10,000, 2,000. கழிவு 18,000, திருப்பிக் கொடுக்க வேண்டியது 57,000.

ரீச்சர் உடனே காசை எண்ணத் தொடங்கினார். கொஞ்சம் பொறுங்கோ என்றேன். வாயால் முடித்த கணக்கு அடுத்த மாதம் வேறு மாதிரி ஞாபகம் வரும். கொப்பித்தாளில் ஒவ்வொரு கழிவையும் எழுதி, இனி ஒருவருக்கு ஒருவர் பாக்கி இல்லை என்று போட்டு, இரண்டு பிரதியிலும் இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

"சாவி இரண்டும் கிடைத்தது எண்டும் எழுதோணும்" என்றார் ரீச்சர். தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு பேர்ஸைத் திறந்தார். இரண்டாவது சாவி அதற்குள்ளேயே இருந்தது.