“அவளாயிருந்தா…” என்ற பேச்சு நின்ற கதை

கல்யாணமான புதிதில் என் கணவர் வாயில் பழைய காதலி பெயர் வாரத்துக்கு நாலு தடவையாவது வரும். இன்னும் மனசில் அவள்தான் இருக்கிறாளோ என்று தூக்கம் கெட்டது. சண்டை போடுவதற்கு முன், எப்போது எதற்காகச் சொல்கிறார் என்று இரண்டு வாரம் கவனித்தேன்.

பாதிக்கு மேல் வெறும் ஊர்க்கதை. “அந்தக் கடையில நானும் அவளும் பரோட்டா சாப்பிடுவோம்” என்கிற மாதிரி. ஆறு வருஷம் பழகியவர். அந்த வருஷங்களைப் பற்றிப் பேசினால் அவள் வராமல் எப்படி? குரலில் ஏக்கம் இல்லை, போனையும் ஒளிக்கவில்லை. அவளுடைய ஸ்டேட்டஸை ரகசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் வேறு முடிவுக்கு வந்திருப்பேன்.

குத்தியது ஒப்பீடுதான். “அவளாயிருந்தா சொல்லாமலே புரிஞ்சுக்குவா.” யோசித்துப் பார்த்தால் அது எப்போதும் வேலை முடிந்து வந்த முதல் அரைமணியில்தான் வந்தது. நான் வாசலிலேயே வீட்டுக் கணக்கை ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு காலை, கோபமில்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்: “அவ என்ன புரிஞ்சுக்குவா? அதை எங்கிட்ட நேரா சொல்லுங்க.” கொஞ்சம் திணறினார். “வந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும், அவ்வளவுதான்” என்றார். இதற்கா இத்தனை நாள் அழுதேன்!

கதை சொல்லலாம், ஒப்பிடக்கூடாது என்று பேசிக்கொண்டோம். போன மாதம் ஒருமுறை தவறினார். நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திவிட்டு, “காபி கிடைக்குமா?” என்றார்.