வட்டி அதிகமென்றால் நாணயம் ஏறுமா? வட்டிச் சமநிலைக் கணக்கில் தடுக்கி விழும் இடங்கள்

கணக்கு மூன்று வரிதான். ஒரு யூரோவின் இன்றைய விலை 1.10 டாலர். டாலர் வைப்புக்கு ஆண்டு வட்டி 5 சதவீதம், யூரோ வைப்புக்கு 3 சதவீதம். காப்பில்லா வட்டிச் சமநிலைப்படி, ஆறு மாதம் கழித்து யூரோ என்ன விலை இருக்குமென்று எதிர்பார்க்கலாம்?

விடைத்தாள் திருத்தும்போது இதற்கு நான்கு விடைகள் திரும்பத் திரும்ப வரும்: 1.079, 1.089, 1.111, 1.121. மூன்றாவதுதான் சரி. மற்ற மூன்றும் கூட்டல் கழித்தலில் பிசகியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது.

பெரிய தவறு திசையில். 1.079 என்றும் 1.089 என்றும் எழுதியவர்கள், டாலருக்குத்தானே வட்டி அதிகம், எல்லாரும் டாலர் பக்கம் ஓடுவார்கள், டாலர் ஏறும், யூரோ இறங்கும் என்று யோசித்திருக்கிறார்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் சமநிலை சொல்வது நேர் எதிர். இரண்டு நாணயத்தில் எதில் பணத்தைப் போட்டாலும் எதிர்பார்க்கும் வருமானம் ஒன்றாக இருக்க வேண்டும். டாலரில் வட்டி கூடுதலாகக் கிடைக்கிறது என்றால், அந்தக் கூடுதலை டாலரின் மதிப்பு இறங்கித்தான் தின்ன வேண்டும். இல்லையென்றால் யூரோவை யார் கையில் வைத்திருப்பார்கள்?

இதைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். கையில் 1,000 யூரோ. யூரோவிலேயே ஆறு மாதம் வைத்தால் 1,015 யூரோ ஆகும். இன்றே மாற்றினால் 1,100 டாலர், அது ஆறு மாதத்தில் 1,127.50 டாலர் ஆகும். இரண்டும் சமமாக இருக்க வேண்டுமென்றால் 1,015 யூரோவின் மதிப்பு அன்று 1,127.50 டாலராக இருக்க வேண்டும். வகுத்தால் 1.1108. சூத்திரமும் இதேதான்:

```
1.10 × 1.025 / 1.015 = 1.1108
```

இப்போது 1.089 என்ற விடையை இதே சோதனையில் வையுங்கள். 1,015 யூரோவை அந்த விலைக்கு மாற்றினால் சுமார் 1,105 டாலர்தான் வரும். டாலரில் வைத்தவருக்கோ 1,127.50. வட்டியிலும் லாபம், விலையிலும் லாபம் என்று டாலர்காரருக்கு இரட்டை லாபம் கிடைத்தால் அது சமநிலையே இல்லை. விடை எழுதியபின் இந்த ஒரு பெருக்கலைச் செய்து பார்த்தால் திசைப் பிழை தப்பவே முடியாது.

சரி, அப்படியென்றால் மத்திய வங்கி வட்டியை ஏற்றினால் நாணயம் வலுவாகிறதே, அந்தச் செய்திகள் பொய்யா? பொய்யில்லை. அங்கே ஏறுவது இன்றைய விலை. நம் சூத்திரம் சொல்வதோ இன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் நடக்கும் மாற்றம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் திசைப் பிழையின் வேர்.

மேலே உள்ள கணக்கிலேயே பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து எதிர்பார்க்கும் விலை 1.1108 என்பது மாறாமல் இருக்கட்டும். யாரும் எதிர்பாராமல் யூரோவின் வட்டி 3-லிருந்து 4 சதவீதமாகிறது. இனி இன்றைய விலைதான் நகர்ந்தாக வேண்டும். 1.1108-ஐ 1.020-ஆல் பெருக்கி 1.025-ஆல் வகுத்தால் 1.1054. யூரோ அறிவிப்பன்றே 1.10-லிருந்து 1.1054-க்குத் தாவிவிட்டது. ஆனால் அங்கிருந்து அது ஏறப்போகும் அளவு முன்பு 0.985 சதவீதமாக இருந்தது, இப்போது 0.49 சதவீதம்தான். வட்டி ஏறியதால் இன்று வலுத்தது, அதே காரணத்தால் இனி ஏறும் வேகம் குறைந்தது. எதிர்கால விலையை அசையாமல் பிடித்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு இப்படி வரும். வினாவில் அப்படிச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது 1.121. திசை சரி, காலம் தப்பு. வினாவில் தரும் வட்டி கிட்டத்தட்ட எப்போதும் ஆண்டு வட்டி. கேட்பது ஆறு மாதமென்றால் பாதி, மூன்று மாதமென்றால் கால் பங்கு. 1.05-ஐயும் 1.03-ஐயும் அப்படியே போட்டால் ஒரு வருடத்து மாற்றம் வந்துவிடும். சிலர் பாதியாக்காமல் வர்க்கமூலம் எடுப்பார்கள். கூட்டு வட்டி என்று வினா சொன்னால் அதுதான் முறை, விடை 1.1106 ஆகும். குறுகிய கால வைப்புகளில் தனிவட்டிதான் வழக்கம் என்பதால், எதுவும் சொல்லாவிட்டால் பாதியாக்குவதே போதும்.

எந்த வட்டி மேலே, எந்த வட்டி கீழே என்பதில் பலர் ‘உள்நாடு, வெளிநாடு’ என்று மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள். வினாவில் இரண்டுமே வெளிநாடாக இருந்தால் திணறல்தான். விலை எந்த நாணயத்தில் சொல்லப்படுகிறதோ அதன் வட்டி மேலே, இதைப் பிடித்துக்கொண்டால் போதும். யூரோவின் விலையை டாலரில் சொல்கிறோம், ஆகவே டாலர் வட்டி மேலே. ஒரு டாலர் 0.9091 யூரோ என்று வினா திருப்பிக் கொடுத்தால் யூரோ வட்டி மேலே போகும், விடை 0.9002.

இனி, வட்டிகளைக் கழித்தால் போதாதா என்ற கேள்வி. 2.5-இல் 1.5 போனால் 1, ஆகவே யூரோ 1 சதவீதம் ஏறும். இங்கே அது பரவாயில்லை, சரியான விடை 0.985 சதவீதம். ஆனால் வட்டி பெரிதானால் இந்தக் குறுக்குவழி காலை வாரிவிடும். ஒரு நாணயத்துக்கு ஆண்டு வட்டி 40 சதவீதம், மற்றதற்கு 5 என்று வையுங்கள். கழித்தால் 35. வகுத்தால் 1.40 / 1.05, அதாவது குறைந்த வட்டி நாணயம் 33.3 சதவீதம் ஏறும். அதிக வட்டி நாணயம் எவ்வளவு இறங்கும் என்று கேட்டால் விடை 33.3 கூட இல்லை, 25 சதவீதம்தான், ஏனெனில் 1.05 / 1.40 என்பது 0.75. எந்த நாணயத்தின் மாற்றத்தைக் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் எழுதி மதிப்பெண்ணை விட்டவர்கள் நிறைய.

கடைசியாக, 1.1108 என்பதை ‘இந்த விலைக்குத்தான் போகும்’ என்று படிப்பது. ‘காப்பில்லா’ என்ற சொல்லே எச்சரிக்கை. ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டு விலையை இன்றே பூட்டிவைத்தால் அது காப்புள்ள சமநிலை. சூத்திரம் ஒன்றேதான், ஆனால் அங்கே ஃபார்வர்டு விலை விலகினால் ஆபத்தில்லாத லாபம் கிடைக்கும் என்பதால் விலை கட்டுக்குள் நிற்கும். இங்கே அப்படி எந்தப் பூட்டும் இல்லை. அதிக வட்டி நாணயங்கள் பல சமயம் சூத்திரம் சொன்னபடி இறங்காமல், ஏறவே செய்திருக்கின்றன என்பதைப் பொருளாதார அறிஞர் யூஜின் ஃபாமா 1984-இலேயே காட்டினார். குறைந்த வட்டியில் கடன் வாங்கி அதிக வட்டியில் போடும் ‘கேரி டிரேடு’ பிழைப்பதே இதனால்தான்.

அந்த வியாபாரிக்கு நம் 1.1108 வேறு விதமாகப் பயன்படும். 1,000 யூரோ கடன் வாங்கி டாலரில் போட்டவர் ஆறு மாதம் கழித்து 1,015 யூரோ திருப்ப வேண்டும். யூரோ 1.10-லேயே நின்றால் அவருடைய 1,127.50 டாலர் 1,025 யூரோவாகும், 10 யூரோ மிச்சம். 1.13-க்கு ஏறினால் சுமார் 998 யூரோதான் தேறும், 17 யூரோ கை நட்டம். லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் அவர் தப்பிக்கும் விலை 1.1108.